மகள் எழுதியதுதானா?

ஒன்பதாம் வகுப்பு மகளின் ஏரிக் கட்டுரையைப் படித்த அப்பாவுக்குக் குழப்பம். பிழையே இல்லை, வாக்கியங்கள் வழவழவென்று ஓடுகின்றன. ஆனால் நோட்ஸைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் எப்போதுமே அப்படித்தானே எழுதினார்கள்?

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவியில் போட்டுப் பார்க்கலாம். பல கருவிகள், அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது என்று கணக்கிடுகின்றன. அங்கேதான் சிக்கல்: பாடப்புத்தக நடையும் ஊகிக்கக்கூடியதே. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, அந்நிறுவனத்தின் சோதனையில் ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. ஜூலையிலேயே அதை விலக்கிக்கொண்டார்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் Version history உதவும். சொந்தமாக எழுதியது அடித்தும் திருத்தியும் மெல்ல வளர்ந்திருக்கும். ஒட்டியது ஒரேயடியாக வந்து விழுந்திருக்கும். நோட்டில் எழுதி வைத்துத் தட்டச்சு செய்திருந்தால் இதுவும் கைகொடுக்காது.

அப்பா கட்டுரையை மூடிவிட்டுக் கேட்டார்: “மதகைப் பத்தி எழுதியிருக்கியேம்மா, அது எப்படித் திறக்கும்?”

“மேல திருகு இருக்குப்பா. தாத்தா சுத்திக் காட்டினார். துருப்பிடிச்சு பாதியிலயே நின்னுடுச்சு.”

கட்டுரையில் துரு இல்லை. விஷயம் அவளுடையது என்பது உறுதி. அதை வாக்கியமாக்கியது யார் என்பதை இந்தக் கேள்வியாலும் பிடிக்க முடியாது; நாலு குறிப்பு கொடுத்தாலே இயந்திரம் பத்தி பத்தியாக எழுதித் தந்துவிடும்.