முப்பது நாள் நாற்பத்தைந்து ஆகும்போது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷீட் மெட்டல் வேலை செய்யும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். திருமழிசை சிட்கோவில் இருக்கும் ஒரு சின்ன லேத் பட்டறையிடமிருந்து பத்து வருடமாகப் பாகங்கள் வாங்குகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. தனக்கு வரவேண்டிய பணம் தாமதமாக வருவதால், கொடுக்கவேண்டியதற்கும் கூடுதல் நாள் வேண்டும் என்று யூனிட்டின் முதலாளி நினைக்கிறார். கேட்பதில் தவறில்லை. ஆனால் “இனிமேல் 60 நாள் கிரெடிட் கொடுங்க சார்” என்று எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், பட்டறைக்காரர் காதில் அது “இல்லாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும்” என்றுதான் விழும். குறை குரலில் இல்லை, கேட்கும் பொருளில் இருக்கிறது. சட்டம் அவருக்குத் தந்திருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் கோரிக்கைக்கு ஒருவர் சம்மதிக்க ஒரே காரணம் பயம்தான். அதனால் எப்படிப் பேசுவது என்று யோசிக்கும் முன்னால், எதுவரை கேட்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15வது பிரிவு அந்த எல்லையைப் போடுகிறது. சரக்கு தருபவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்புக்கொண்ட தவணை எதுவானாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் வெறும் 15 நாள்தான். பத்து வருடமாக வாய்ப்பேச்சில் ஓடும் “30 நாள் வழக்கம்” இந்தச் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. நாள் எண்ணிக்கை பில் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு வந்த தேதியிலிருந்து தொடங்காது, சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்போது குறை சரியான நாளிலிருந்து எண்ணலாம். மாதக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்து அங்கிருந்து 45 நாள் எண்ணும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஜூன் 2ஆம் தேதி வந்த சரக்குக்கு அந்தக் கணக்கில் ஆகஸ்ட் 14 அன்றுதான் பணம் போகும், அதாவது 73 நாள். பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது, ஏனென்றால் மற்ற ஏற்பாடுகளை மீறி இந்த விதிகளே நிற்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு விலக்கு: சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உதயம் பதிவு இருந்தாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே, இந்தத் தவணைப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆகவே முதல் வேலை, உதயம் சான்றிதழை வாங்கி, குறுவா சிறுவா, உற்பத்தியா வியாபாரமா என்று பார்ப்பது.

நம் யூனிட் இப்போது 30 நாளில் பணம் தருகிறது என்றால், 45 என்று கேட்க 15 நாள் இடம் இருக்கிறது. அந்த 15 நாள் பட்டறைக்கு என்ன செலவு வைக்கும்? மாதம் 4 லட்ச ரூபாய்க்குச் சரக்கு, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,72,000. அரை மாதம் தள்ளிப்போனால் 2,36,000 ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். அவருடைய கேஷ் கிரெடிட் வட்டி 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 28,320 ரூபாய். ஒரு வருட வியாபாரம் 48 லட்சத்தோடு ஒப்பிட்டால், நூறு ரூபாய்க்குச் சுமார் 60 பைசா. கேட்பவர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போவதுதான் மிரட்டலுக்கும் பேச்சுவார்த்தைக்கும் உள்ள வித்தியாசம். செலவு தெரிந்துவிட்டால் அதை யார் ஏற்பது என்று பேசலாம். விலையில் 60 பைசா கூட்டித் தரலாம். அல்லது வரியைப் பிரிக்கலாம்: பணம் வந்ததோ இல்லையோ, மாத ரிட்டர்ன் போடும் பட்டறைக்காரர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். அந்த 72,000 ரூபாயை மட்டும் 18ஆம் தேதிக்குள் கொடுத்துவிட்டு, சரக்கு விலையை 45வது நாளில் கொடுத்தால், தள்ளிப்போகும் சுமை 2 லட்சமாகக் குறைகிறது. சின்னப் பட்டறைக்கு வட்டியைவிட இந்த 20ஆம் தேதிதான் பெரிய தலைவலி. இரண்டு பேருக்கும் ஒரே வட்டி என்றால், முழுச் செலவையும் ஈடுகட்டிய பிறகு யூனிட்டுக்கு லாபம் எதுவும் மிஞ்சாது. சொந்த வங்கி லிமிட் தீர்ந்துபோய்க் கைப்பணம் தட்டுப்படுகிறவருக்குத்தான் இந்தக் கோரிக்கையில் அர்த்தம் உண்டு.

சொல்லும் விதம் இதற்குப் பிறகுதான். பழைய பாக்கி ஒரு பில் நிலுவையில் இருந்தாலும் அதைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் எதுவும் பிணைப்பணம் கேட்பது போலத்தான். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பட்டறைக்கு நேரில் போய்ப் பேசி, பிறகு கடிதம் எழுதுவது நல்லது. கடைசி வாரத்தில் வரும் கடிதத்துக்கு இறுதி எச்சரிக்கை என்றுதான் பொருள் கொள்வார்கள். கடிதத்தில் வேறு கம்பெனி கொட்டேஷனைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்படி எழுதலாம்: “எங்களுக்கு வரும் பணம் தாமதமாவதால் தவணையை 30லிருந்து 45 நாளாக்க முடியுமா என்று கேட்கிறோம். நாள், சரக்கு வந்த தேதியிலிருந்து. வரித்தொகை மாதம் 18க்குள் வந்துவிடும். உங்களுக்கு ஆகும் செலவின் கணக்கு இணைத்துள்ளோம், தவறிருந்தால் திருத்துங்கள். முடியாது என்றாலும் ஆர்டர் இப்போதுள்ளபடியே தொடரும்.” கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். அதை மனதார எழுத முடியாதவர், எழுதாமல் இருப்பதே நேர்மை.

“இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு போனால் யார் ஒப்புக்கொள்வார்?” என்று கேட்கலாம். ஆர்டர் உங்கள் கையில் இருக்கிறது என்பது பட்டறைக்காரருக்குச் சொல்லாமலே தெரியும். தெரியாதது, அதை நீங்கள் பயன்படுத்துவீர்களா என்பதுதான். பயந்து ஒப்புக்கொண்டவர் அடுத்த கொட்டேஷனில் அந்த வட்டியைச் சொல்லாமல் சேர்த்துவிடுவார், அல்லது அவசர லோடு வரும்போது உங்கள் வேலையைக் கடைசியில் வைப்பார். “இங்கே 90 நாள்தான் நடைமுறை, யாரும் கேட்பதில்லை” என்பது இன்னொரு வாதம். உறவு இருக்கும்வரை கேட்கமாட்டார்கள், உண்மைதான். உறவு முறிந்த அன்று சென்னையிலுள்ள வசதியாக்க மன்றத்தில் மனுப் போட்டால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். பேங்க் ரேட் 6 சதவீதம் என்றால் 18. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக முக்கால் பங்கு தொகையை முதலில் கட்ட வேண்டும். இதற்கு முன்பே வருமான வரி பிடித்துவிடும்: 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதியின்படி, கெடு தாண்டி மார்ச் 31 அன்று பாக்கியாக நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய வருடத்தில்தான் காட்டலாம்.

45 நாளும் போதாது என்றால், கேட்க வேண்டிய இடம் திருமழிசை இல்லை. அம்பத்தூர் யூனிட்டும் பெரும்பாலும் ஒரு சிறு நிறுவனம்தான். அதே 45 நாள் உரிமை, தன்னிடம் வாங்கும் பெரிய கம்பெனியிடம் அதற்கும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் ட்ரெட்ஸ் தளங்களில் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. அங்கே பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து உடனே பணம் தருகின்றன. கம்பெனி கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. பட்டறைக்குக் கடிதம் எழுதும் முன்னால், உங்கள் வாடிக்கையாளர் அந்தத் தளத்தில் இருக்கிறாரா என்று பர்ச்சேஸ் மேனேஜரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.