அரிதினும் அரிது: மரண தண்டனைக்கான அளவுகோல்

காரைக்காலிலுள்ள அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தாலும், சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்யாமல் அதனை நிறைவேற்ற இயலாது. இத்தண்டனைக்குரிய அளவுகோல் ‘அரிதினும் அரிது’ என்பதாகும். ஆயுள் தண்டனையே பொதுவிதி. குற்றத்தின் தன்மையையும் குற்றவாளியின் சூழலையும் சேர்த்து ஆராய்ந்து, ஆயுள் தண்டனை சற்றும் பொருந்தாதபோது மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் எனப் பச்சன் சிங் வழக்கில் (1980) உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

இவ்வளவுகோலைப் பொருத்துவதிலுள்ள சிக்கலைத் தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கு காட்டுகிறது. 2000ஆம் ஆண்டு நிகழ்ந்த அக்கொடுமையில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் உயிரிழந்தனர். குற்றவாளிகள் மூவரின் மரண தண்டனையை 2010இல் உறுதிசெய்த உச்சநீதிமன்றமே, 2016இல் மறுஆய்வு செய்து ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நிகழ்ந்த செயல் அது என்பதும், மாணவியரைக் கொல்லும் முன்திட்டம் இல்லை என்பதும் பின்னைய தீர்ப்பின் முதன்மைக் காரணங்களாகும்.