எக்செல் தாளிலிருந்து ஓடர் முறைக்கு: ஒரு கடை முதலாளிக்கு எழுதிய முன்மொழிவு

எமது சிறு நகரங்களில் உள்ள ஹாட்வெயார் கடைகள் பலவற்றில் இன்று கணனி இருக்கின்றது. கொப்பியில் எழுதிய கணக்கு எக்செல் தாளுக்கு ஏறிவிட்டது. அதற்கு மேலும் பணம் செலவழித்து ஓடர்களுக்கென ஒரு தனி மென்பொருளை வாங்க வேண்டுமா என்பது முதலாளிமார் பலரின் கேள்வி. கேள்வி நியாயமானதே. எனவே ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் முதலாளிக்கு எழுதும் முன்மொழிவாகவே இதற்கான பதிலைத் தருகின்றோம். இதிலுள்ள தொகைகள் கணக்குப் பார்க்கும் வழியைக் காட்டுவதற்காகக் கொள்ளப்பட்டவை. வாசகர்கள் தத்தம் கடைத் தொகைகளை அவ்விடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

ஐயா,

உங்கள் கடையில் நாளொன்றுக்கு முப்பது ஓடர்கள் வரையில் வருகின்றன. பாதி தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் வருகின்றன, மீதி கடைக்கு நேரில் வருகின்றன. நீங்களும் காசாளரும் களஞ்சியத்தில் நிற்கும் தம்பியும் ஓடர் எடுக்கின்றீர்கள். மாலையில் காசாளர் எல்லாவற்றையும் எக்செல் தாளில் பதிகிறார். இதிலுள்ள குறை காசாளருடையதன்று, தாளினுடையது.

வாக்குக் கொடுத்த சாமான்

களஞ்சியத்தில் 100 பை சீமெந்து இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு வீடு கட்டும் ஒருவர் தொலைபேசியில் 60 பை கேட்கிறார். பிற்பகலில் லொறியில் அனுப்புவதாக நீங்கள் சொல்லி, கொப்பியில் குறித்துவிடுகின்றீர்கள். பத்து மணிக்கு மேசன் ஒருவர் நேரில் வந்து 70 பை கேட்கிறார். காசாளர் தாளைப் பார்க்கிறார், அதில் 100 என்று இருக்கின்றது. அவர் விற்றுவிடுகிறார். பிற்பகலில் 30 பை மட்டுமே மிஞ்சி நிற்கின்றது. லொறி இரண்டு முறை ஓட வேண்டும், அல்லது அந்த ஓடர் வேறு கடைக்குப் போய்விடும்.

இங்கு எவரும் பிழையாக எழுதவில்லை. கையில் இருப்பது எவ்வளவு என்பதைத் தாள் சொல்லும். அதில் எவ்வளவை ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதைச் சொல்லாது. ஓடர் முறையில் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று எண்கள் உண்டு: கையிருப்பு 100, ஒதுக்கியது 60, இனி விற்கக்கூடியது 40. ஓடரைப் பதிந்த அந்தக் கணத்திலேயே மூன்றாவது எண் குறைந்துவிடும். மேசன் வந்து கேட்கும்போது காசாளர் 40 என்றே காண்பார்.

பாதி போன ஓடர்

ஒரே ஓடரில் 40 பை சீமெந்து, 12 கூரைத் தகடு, 6 குழாய் என்பன கேட்கப்படுகின்றன. தகடு கையில் இல்லை, அடுத்த வாரமே வரும். தாளில் இதற்கு ஒரு வரிதான் உண்டு. பாதி சாமான் போனதும் அந்த வரிக்கு மஞ்சள் நிறம் பூசுகிறார்கள். அடுத்த வாரம் அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது பூசியவருக்கே மறந்துவிடும். தகடு போய், பில் போகாமல் விடுவது இப்படித்தான்.

ஓடர் முறையில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக இருக்கும். கேட்டது எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு என மூன்றும் அருகருகே தெரியும். அனுப்பியதும் பில் போட்டதும் பொருந்தாத வரிகளை மாலையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகி நிற்கும்.

இன்னொரு சிறு தொல்லையையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். குழாயின் அளவை `1/2` எனத் தட்டினால் எக்செல் அதைத் திகதியாக மாற்றிவிடும். பிறகு கட்டத்தின் அமைப்பை மாற்றினாலும் பழைய அளவு திரும்பி வராது, ஐந்து இலக்க எண்ணொன்றே தெரியும். தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியமும் இவ்வாறே மறைந்துவிடும். இதனைத் தடுக்க, தட்டுவதற்கு முன்னரே அந்த நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவைத்தால் போதும். இதற்காக மட்டும் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

செலவும் வரவும்

மென்பொருள் விற்பவர் சொல்லும் இலாபத்தை நம்ப வேண்டாம். முதலில் பன்னிரண்டு வேலை நாட்களுக்கு ஒரு கொப்பியில் தவறுகளை மட்டும் எழுதுங்கள். உங்கள் கடையில் அது இவ்வாறு வந்தது எனக் கொள்வோம். வீணாக ஓடிய லொறி நான்கு தடவை, தடவைக்கு ரூபா 2,500 வீதம் 10,000. பில் போடாமல் போன சாமான் 6,500. கைவிட்டுப்போன இரண்டு ஓடர்களின் இலாபம் 4,000. மாலையில் கணக்குச் சரிபார்க்கச் செலவான 12 மணித்தியாலக் கூலி 3,000. மொத்தம் 23,500. மாதத்துக்கு ஏறத்தாழ 47,000.

எந்த முறையும் எல்லாத் தவறையும் நீக்காது. பாதி நீங்கும் எனக் கொண்டால் மாத மிச்சம் 23,500. மென்பொருளின் மாதக் கட்டணம் 6,000 போக 17,500 மிஞ்சும். ஆரம்பச் செலவு: சாமான் பட்டியல் ஏற்றவும் பழக்கவும் 60,000, மேலதிகக் கணனி ஒன்றும் மின்தடைக்கான யூ.பி.எஸ். ஒன்றும் 95,000, முதல் மாத மேலதிக வேலைக்கூலி 20,000. ஆக 175,000. இதை 17,500 ஆல் பிரித்தால் பத்து மாதம். பத்து மாதத்தில் போட்ட பணம் திரும்புமாயின் செய்யலாம். உங்கள் கொப்பி மூன்று ஆண்டு என்று சொன்னால் வேண்டாம்.

எங்கே பிழைக்கும்?

முதலாவது இடம் சாமான் பட்டியல். ஒரே குழாய்க்குத் தாளில் மூன்று பெயர்கள் இருந்தால் புதிய முறையில் அது மூன்று சாமானாகிவிடும். ஏற்றுவதற்கு முன் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று திருத்த வேண்டும். பின்னர் மாத முதலாம் நாள் களஞ்சியத்தை எண்ணி, எண்ணிய தொகையோடு தொடங்க வேண்டும். தாளிலுள்ள தொகையை அப்படியே ஏற்றினால் பழைய பிழையும் கூடவே வரும். முதல் மாதம் தாளையும் விடாமல் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டு வாருங்கள்.

இரண்டாவது, பதியாமல் சாமான் கொடுப்பது. கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழே போனால், சாமான் போன பிறகு பதிகிறார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வாரந்தோறும் இருபது சாமான்களை எண்ணிப் பார்த்தால் இது விரைவில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மின்சாரமும் இணையமும். அவை நிற்கும் வேளைகளுக்காக இலக்கமிட்ட ஓடர் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும். வந்ததும் இலக்க வரிசையில் பதிய வேண்டும். வாங்குமுன் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாளை நான் விலகினால், என் ஓடர்களையும் கடன் நிலுவைகளையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எடுத்துப்போகலாமா? செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

ஒருவரே ஓடர் எடுத்து, கையோடு சாமானும் கொடுத்துவிடும் சிறிய கடைக்கு இவையெல்லாம் தேவையில்லை. அங்கே வாக்குக் கொடுத்த சாமானும் இல்லை, பாதி போன ஓடரும் இல்லை. உங்கள் கடையில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே நாளைக் காலையிலேயே அந்தக் கொப்பியைத் தொடங்குங்கள். பன்னிரண்டு நாள் முடிந்ததும் அதன் கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.