கீழ்நோக்கிய கிரிப்பரும் 180 டிகிரியும்

தொழிற்சாலையில் பெட்டிகளை எடுத்து அடுக்கும் ரோபோ கையின் நுனியில் இருக்கும் கிரிப்பர் பெரும்பாலான நேரம் தரையைப் பார்த்தபடியே இருக்கும். பொருள் மேசைமேல் கிடப்பதால் மேலிருந்து இறங்கித்தான் எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு மிக எளிய இந்த நிலைதான், எண்களாக எழுதும்போது சுழற்சிக் கணிதத்தின் மிகச் சிக்கலான இடத்தில் போய் நிற்கிறது. பாடநூல்கள் கடைசிப் பத்தியில் 'சிறப்பு நேர்வு' என்று ஒதுக்கிவிடும் அரைச்சுற்று, ரோபோவுக்கு அன்றாட வேலை.

ஒரு பொருள் எப்படித் திரும்பி நிற்கிறது என்பதைக் கணினி பெரும்பாலும் சுழற்சி அணியாக வைத்திருக்கும். மூன்று நிரை, மூன்று நிரல், மொத்தம் ஒன்பது எண்கள். அதைப் படிப்பது கடினமில்லை. முதல் நிரல், பொருளின் x அச்சு இப்போது எந்தத் திசையை நோக்குகிறது என்று சொல்கிறது. இரண்டாவது நிரல் y அச்சுக்கு, மூன்றாவது z அச்சுக்கு. ஆனால் ஒன்பது எண்களைப் பார்த்து, பொருள் எப்படித் திரும்பியிருக்கிறது என்று மனத்தில் காண்பது கடினம்.

அதற்கு வழி காட்டியவர் லெனார்டு ஆய்லர். கண்பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்ட நிலையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1775-இல் அவர் நிறுவிய தேற்றம் இது: ஒரு புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டு ஒரு பொருளை எத்தனை முறை, எப்படியெல்லாம் புரட்டினாலும், தொடக்க நிலையிலிருந்து கடைசி நிலைக்கு ஒரே ஓர் அச்சைச் சுற்றி, ஒரே ஒரு கோணம் திருப்பிப் போய்விடலாம். ஆகவே ஒன்பது எண்களுக்குள் ஓர் அச்சும் ஒரு கோணமும் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதுதான் நம் வேலை.

கோணத்தில் தொடங்குவோம். முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள மூன்று எண்களையும் கூட்டினால் கிடைப்பது அணியின் சுவடு. x, y, z அச்சுகளை நாம் எந்தப் பக்கம் திருப்பி வரைந்துகொண்டாலும் சுவடு மாறாது. அதனால் வசதிக்காகச் சுழலும் அச்சையே z என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது மூலைவிட்டத்தில் இருப்பவை cos θ, cos θ, 1. கூட்டினால் 1 + 2 cos θ. எந்தச் சுழற்சி அணியை எடுத்தாலும் சுவட்டிலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்கினால் கோணத்தின் கொசைன் கையில் வந்துவிடும்.

அச்சைக் கண்டுபிடிக்க, மூலைவிட்டத்துக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிரே நிற்கும் எண் ஜோடிகளைப் பார்க்க வேண்டும். R21 என்றால் இரண்டாம் நிரை, முதல் நிரலில் உள்ள எண். அதன் ஜோடி R12. ஒவ்வொரு ஜோடியின் வேறுபாட்டையும் இந்த வரிசையில் எழுதினால் ஒரு வெக்டர் கிடைக்கும்:

```
R32 − R23,  R13 − R31,  R21 − R12
```

இந்த வெக்டர் அச்சின் திசையிலேயே நிற்கும். அதன் நீளம் 2 sin θ. ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். x அச்சு y இருந்த இடத்துக்கும், y அச்சு z இருந்த இடத்துக்கும், z அச்சு x இருந்த இடத்துக்கும் போகும் சுழற்சி இது:

```
0  0  1
1  0  0
0  1  0
```

சுவடு 0. எனவே cos θ = −1/2, கோணம் 120 டிகிரி. மூன்று வேறுபாடுகளும் 1, 1, 1. ஒரு கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கம்பி செருகி, மூன்றில் ஒரு பங்கு திருப்பினால் இதுதான் நடக்கும். வெக்டரின் நீளம் √3. அது 2 sin 120°-க்குச் சமமாக இருப்பதால் கணக்கு சரி என்றும் உறுதியாகிறது.

இப்போது கிரிப்பருக்கு வருவோம். ரோபோவின் அடித்தளத்தில் z அச்சு மேல்நோக்கியும், கிரிப்பரின் z அச்சு அது நீளும் திசையிலும் இருப்பது வழக்கம். கிரிப்பர் நேர்க்கீழே பார்த்தால் அதன் z அச்சு தலைகீழாகிறது. அந்த நிலையிலேயே அதைச் செங்குத்துக் கோட்டைச் சுற்றி 60 டிகிரி திருப்பியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அணி இப்படி வரும்:

```
0.500   0.866   0
0.866  −0.500   0
0       0      −1
```

சுவடு −1. எனவே cos θ = −1, கோணம் 180 டிகிரி. அச்சைத் தேடினால் மூன்று வேறுபாடுகளும் பூச்சியம். சற்றுமுன் வேலை செய்த வழி அப்படியே மூடிக்கொள்கிறது. இது 60 டிகிரிக்கு மட்டும் நேர்வதன்று. நேர்க்கீழே பார்க்கும் கிரிப்பரை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும், அந்த நிலை ஏதோ ஒரு கிடைமட்ட அச்சைச் சுற்றிய அரைச்சுற்றாகவே அமையும். கிரிப்பரை φ திருப்பினால் அந்த அச்சு φ/2 மட்டும் நகரும், அவ்வளவுதான்.

வேறுபாடுகள் ஏன் மறைகின்றன என்பதை நின்று யோசிக்க வேண்டும். அவை நமக்குச் சொல்வது எந்தப் பக்கமாகத் திரும்பினோம் என்பதை. நின்ற இடத்திலேயே பின்பக்கம் பார்க்கத் திரும்பும் ஒருவர் வலமாகத் திரும்பினாரா இடமாகத் திரும்பினாரா என்பதைத் திரும்பி முடித்த நிலை காட்டிக்கொடுக்காது. அரைச்சுற்றில் வலமும் இடமும் ஒன்றே. ஆகவே சூத்திரம் பழுதாகவில்லை. இல்லாத தகவலை இல்லை என்றுதான் சொல்கிறது. அச்சு எந்தக் கோட்டில் கிடக்கிறது என்ற தகவல் மட்டும் அழியாமல் அணியின் இன்னொரு பகுதியில் பத்திரமாக இருக்கிறது.

அரைச்சுற்றில், நீளம் 1 உள்ள அச்சு வெக்டரை n என்றால், அணி 2nnᵀ − I என்ற வடிவில் இருக்கும். I என்பது அலகு அணி. nnᵀ என்பது n-இன் உறுப்புகளை ஒன்றோடொன்று பெருக்கி அடுக்கிய அட்டவணை. எனவே மூலைவிட்டத்தில் ஒவ்வோர் எண்ணுடனும் 1-ஐக் கூட்டி, முழு அணியையும் பாதியாக்கினால் அந்த அட்டவணை வெளிப்படும்:

```
0.750  0.433  0
0.433  0.250  0
0      0      0
```

மூலைவிட்டத்தில் இருப்பவை அச்சின் மூன்று உறுப்புகளின் வர்க்கங்கள். அவசரத்தில் மூன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்து 0.866, 0.5, 0 என்று எழுதிவிடத் தோன்றும். இங்கே விடை சரியாகவே வருகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கிரிப்பரை மறுபக்கம் 60 டிகிரி திருப்பியிருந்தால் 0.433 என்பது −0.433 ஆகும், மூலைவிட்டம் கொஞ்சமும் மாறாது. வர்க்கமூலத்தை மட்டும் நம்பும் நிரல் இரண்டு நிலைகளுக்கும் ஒரே விடை தரும். கிரிப்பர் 120 டிகிரி தவறிப்போய் நிற்கும். சோதித்துப் பார்த்த நிலைகளில் எல்லா உறுப்புகளும் மிகையெண்ணாகவே இருந்துவிட்டால் இந்தப் பிழை நெடுநாள் வெளியே தெரியாது.

சரியான முறையில் வர்க்கமூலம் ஒன்றுதான். மூலைவிட்டத்தின் மிகப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும், இங்கே 0.75. அதன் மூலம் 0.866 முதல் உறுப்பு. மற்ற உறுப்புகளை அதே நிரலில் இருக்கும் எண்களை 0.866-ஆல் வகுத்துப் பெறலாம்: 0.433 ÷ 0.866 = 0.5, 0 ÷ 0.866 = 0. குறிகளும் தாமாகவே வந்துவிடுகின்றன. மிகப் பெரியதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1 என்பதால் அவற்றில் பெரியது 1/3-க்குக் குறையாது, எனவே வகுத்தி ஒருபோதும் சிறுத்துப்போகாது. மூன்றாவது எண்ணை எடுத்திருந்தால் பூச்சியத்தால் வகுத்திருப்போம்.

துல்லியமான 180 டிகிரியைவிட அதற்குச் சற்று அருகில் நிற்கும் கோணங்கள் அதிகத் தொல்லை தருகின்றன. ஏனெனில் அங்கே நிரல் முறிந்து நிற்காது. தவறான விடையை நம்பிக்கையோடு தரும். கோணம் 179.9 டிகிரி என்போம். வேறுபாடுகளாலான வெக்டரின் நீளம் வெறும் 0.0035. அணியின் எண்கள் மூன்று தசம இடத்துக்குச் சுருக்கப்பட்டிருந்தால் ஒரு வேறுபாட்டிலேயே 0.001 வரை பிழை இருக்கலாம். அந்த ஒரு பிழையே அச்சை 16 டிகிரி வரை சாய்த்துவிடும். கோணமும் தப்பாது. 180-க்கு அருகே கொசைன் வளைவு தட்டையாகிவிடுவதால், cos θ-இல் 0.00075 பிழை இருந்தால் கோணம் 2 டிகிரிக்கு மேல் நகரும். சுருக்கப் பிழையால் cos θ −1-ஐத் தாண்டிவிட்டாலோ கோணமே கிடைக்காது, திரையில் NaN என்று வரும்.

கோணத்துக்கு மருந்து எளிது. கொசைனை மட்டும் நம்பாமல் சைனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறுபாட்டு வெக்டரின் நீளம் s என்றால்,

```
θ = atan2(s, trace − 1)
```

இதே சுருக்கப் பிழைகள் இருந்தாலும் 180-ஐ ஒட்டிய இடத்தில் கோணம் ஏறத்தாழ 0.05 டிகிரிக்குள் நிற்கும். பூச்சியத்தை ஒட்டிய சிறு கோணங்களுக்கும் இதுவே நல்லது. ஆனால் கோணம் சரியாகப் பூச்சியமானால் அச்சு என்று ஒன்று உண்மையிலேயே கிடையாது. எதை எழுதினாலும் ஒன்றுதான்.

அச்சுக்கு, சுவடு 1-க்குக் கீழே போனால், அதாவது கோணம் 90 டிகிரியைத் தாண்டினால், எதிரெதிர் ஜோடிகளின் வேறுபாட்டை விட்டுவிட்டு அவற்றின் சராசரியை எடுக்கலாம். அந்தச் சராசரி அணியின் மூலைவிட்டத்திலிருந்து cos θ-வைக் கழித்து, மூலைவிட்ட எண் மிகப் பெரியதாக இருக்கும் நிரலை நீளம் 1 ஆக்கினால் அதுவே அச்சு. அது சரியான பக்கம் பார்க்கிறதா, எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்பதை மட்டும் வேறுபாட்டு வெக்டரிடம் கேட்டு, தேவையானால் குறியை மாற்ற வேண்டும்.

அரைச்சுற்றிலேயே நின்றால் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. n, −n இரண்டும் சரி. டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனத்தின் ரோபோக்கள் கருவியின் திசையை rx, ry, rz என்று மூன்று எண்களாகக் காட்டுகின்றன. அச்சைக் கோணத்தால் பெருக்கியது, ரேடியனில். கீழ்நோக்கிய கிரிப்பர் இம்மியளவு அசைந்தாலும் (3.13, 0, 0) என்று இருந்தது (−3.13, 0, 0) என்று மாறலாம். இயந்திரம் பழுது என்று அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு நிலைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 1.3 டிகிரி. ஆனால் நாம் எழுதும் நிரல் இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது (0, 0, 0), அதாவது கிரிப்பர் வானத்தைப் பார்க்கும் நிலை. இரண்டு திசைகளை ஒப்பிட வேண்டுமானால் அந்த மூன்று எண்களைக் கழிக்கக் கூடாது. இரண்டையும் அணியாக்கி, முதல் அணியின் நிரை நிரல்களை இடம் மாற்றி இரண்டாவதோடு பெருக்கி, வரும் அணியிலிருந்து கோணத்தை எடுத்தால் அந்த 1.3 டிகிரி கிடைக்கும்.