வீட்டு முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும் மின்னஞ்சல்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு எடுக்கும்போது ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பார்கள். போருக்குப் பயந்து வந்த காலத்தில் பற்றுச்சீட்டு கேட்கும் துணிவு நம்மில் பலருக்கு இருக்கவில்லை. வீடு கிடைத்ததே பெரிய காரியம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டை விட்டு வெளியேறும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

"அடுத்த ஆள் வந்ததும் தாறன்" என்பதே வழமையான பதில். இதை எப்போதும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பல உரிமையாளர்கள் முற்பணத்தைச் செலவழித்துவிட்டு, புதிய குடியிருப்பாளர் கொடுக்கும் பணத்தில்தான் பழையவருக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலில் திகதி இல்லை. எனவே மின்னஞ்சலின் வேலை, ஒரு தொகையையும் ஒரு திகதியையும் எழுத்தில் வைப்பதுதான்.

முதலில், கொடுத்தது எந்த வகைப் பணம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மாதா மாதம் வாடகையில் கழிக்கப்படும் முற்பணம் என்றால் மிச்சம் இருக்காது. திருப்பித் தரும் வைப்பு என்றால் மட்டுமே இந்தக் கடிதம் பொருந்தும்.

வெள்ளவத்தையிலிருந்து களனிக்கு மாறிய ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். வைப்பு 180,000 ரூபா. கடைசி மின்கட்டணம் 4,200, உடைந்த குழாய்க்கு 6,500. இந்த இரண்டையும் நீங்களே கழித்துக் காட்டினால், உரிமையாளர் "கணக்குப் பார்க்கவேணும்" என்று இழுக்க இடமிருக்காது.

"மதிப்புக்குரிய ஐயா, மே 31ஆம் திகதி வீட்டை ஒப்படைத்து, திறப்புகளை உங்களிடம் தந்தோம். எங்கள் வைப்பு 180,000 ரூபாவில் மின்கட்டணமும் குழாய்ச் செலவும் போக 169,300 ரூபா வரவேண்டியுள்ளது. பற்றுச்சீட்டும் மானி வாசிப்புப் படமும் இணைத்துள்ளோம். ஜூன் 24ஆம் திகதிக்கு முன் கீழுள்ள வங்கிக் கணக்கில் வைப்பிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரே தடவையில் தருவது சிரமமெனில், இரு தவணைகளின் திகதிகளை எழுதி அறிவியுங்கள். இவ்வளவு காலமும் செய்த உதவிகளுக்கு நன்றி."

இதில் மிரட்டல் இல்லை. பொலிஸ் என்ற சொல்லையும் எழுத வேண்டாம். பணத்தைத் திருப்பித் தராதது பெரும்பாலும் சிவில் விவகாரம், பொலிஸார் அதை வசூலித்துத் தரமாட்டார்கள். தவணை கேட்டு அவர் பதில் எழுதினால் உங்களுக்கு நல்லது. கடன் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ், மின்னஞ்சல் என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது. தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றே ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

திகதி கடந்தும் பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகளில், அங்கு இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. அதிக காலம் பொறுத்திருக்கவும் கூடாது: வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடங்களும், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடங்களுமே வழக்குக்கான பொதுவான காலவரையறை.