கறுப்பை எடுக்கும் முன்

அலுவலகத்துக்குச் செருப்பும் ஹேண்ட்பேக்கும் வாங்கப் போகும் பெண்களில் பலர் முதலில் கேட்பது கறுப்பைத்தான். எதற்கும் சேரும், அழுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை. சாம்பல், வெள்ளை, கறுப்பு உடைகளோடு அது நன்றாகவே சேரும். ஆனால் நம் ஊர் அலமாரிகளைத் திறந்தால் கடுகு மஞ்சள், மெரூன், இலைப்பச்சை, க்ரீம் என்று நிறங்கள் வேறு மாதிரி. வெளிர் நிறக் காட்டன் புடவைக்குக் கீழே கனத்த கறுப்புச் செருப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் பெரும்பாலும் குர்தியும் லெக்கிங்ஸும், ஒரு நாள் புடவை, வேலை இருக்கும் சனிக்கிழமைகளில் ஜீன்ஸ். அவரிடம் இருபது குர்திகள் இருக்கலாம். செருப்புக்கு அவை கணக்கே இல்லை. செருப்பைத் தொட்டுக்கொண்டு தெரிவது லெக்கிங்ஸும் பேன்ட்டும் புடவைக் கொசுவமும்தான். ஆகவே கீழ் உடைகளை மட்டும் எடுத்து, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நேவி ப்ளூ, இரண்டு க்ரீம், ஒரு மெரூன், ஒரு கறுப்பு, ஒரு ஜீன்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஆறுக்கு அழகாகப் பொருந்துவது கடைகளில் ‘டான்’ என்று சொல்லும் இளம் பழுப்பு.

காரணம் எளிமையானது. பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சு. நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். அதனால் நேவியும் ஜீன்ஸும் டான் செருப்புக்குப் பக்கத்தில் இரண்டுமே தெளிவாக எடுத்துக்காட்டும். மெரூனும் க்ரீமும் பழுப்பைப் போலவே வெதுவெதுப்பான சாயல் கொண்டவை என்பதால் முரண்டு பிடிக்காது. கறுப்பு லெக்கிங்ஸ் ஒன்றுதான் சற்றுச் சுமார்.

பழுப்பு என்றதும் அடர்ந்த சாக்லெட் நிறத்தை எடுத்துவிடக் கூடாது. நேவிக்கோ கறுப்புக்கோ பக்கத்தில் அது கிட்டத்தட்ட அதே கருமையாகத் தெரியும்; ஒரே நிறத்தில் வாங்க நினைத்துத் தவறிப்போனது போலத் தோன்றும். ஒன்று, முழுதாக ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் நன்றாக விலகி நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் செருப்பையும் லெக்கிங்ஸையும் சேர்த்து வைத்து, மொபைலில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே சாம்பலாக விழுந்தால் அந்தச் செருப்பு வேண்டாம்.

புடவை நாளுக்குத் தனிச் செருப்பு தேவையா? கொசுவம் பாதத்தை மறைத்துவிடும். வார்களும் விரல்களும்தான் வெளியே தெரியும். மினுமினுப்பில்லாத, மங்கிய தங்க நிறத்தில் மெல்லிய வார் வைத்த செருப்பு ஒன்று இருந்தால், ஜரிகை போட்ட புடவைகள் அத்தனைக்கும் அதுவே போதும். அந்தக் கறுப்பு லெக்கிங்ஸுக்கும் இது கைகொடுக்கும்.

பையின் கதை வேறு. அது தோளிலிருந்து இடுப்புவரை தொங்குவதால் மேல் உடையோடுதான் ஒட்டிக்கிடக்கும். இப்போது குர்திகளைப் பார்க்க வேண்டும். பூப்போட்டதும் கட்டம் போட்டதும் நிறைய இருந்தால் பை ஒரே நிறத்தில், வேலைப்பாடில்லாமல் இருப்பது நல்லது. செருப்பின் அதே டான் நிறம் கட்டாயமில்லை. அரக்கு நிறப் பையைப் பலர் யோசிப்பதே இல்லை. கடுகு மஞ்சள், பச்சை, நீலம், க்ரீம், கறுப்பு எல்லாவற்றோடும் அது நிற்கும். டான் செருப்போடும் சண்டையில்லை. பளீர் சிவப்பும் ரோஸும் மட்டும் அதற்கு ஆகாது. அந்த இரண்டும் நிறைய வைத்திருப்பவர் டான் பையே வாங்கலாம்.

பிஸ்கட் நிறப் பை கடையில் எல்லோரையும் இழுக்கும். தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சரிவராது. புது ஜீன்ஸிலிருந்தும் சாயம் போகிற காட்டனிலிருந்தும், வியர்வை ஈரத்தோடு உரசும்போது, பையின் பின்பக்கம் நீலமோ சிவப்போ ஏறிவிடும். ரெக்ஸினில் ஏறிய சாயத்தைப் பெரும்பாலும் எடுக்க முடியாது. ஈர வெள்ளைக் கைக்குட்டையால் உடையைத் தேய்த்துப் பார்த்தால், எந்தத் துணி சாயம் விடும் என்று முன்பே தெரிந்துவிடும்.

வாங்கப் போகும்போது அடிக்கடி உடுத்தும் லெக்கிங்ஸ் ஒன்றையும் துப்பட்டா ஒன்றையும் எடுத்துப் போவது நல்லது. கடையின் மஞ்சள் விளக்கில் பழுப்பெல்லாம் பொன்னாக மின்னும். சாம்பல் கலந்த பழுப்புகூட டான் போலவே தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயில் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்த பிறகு பில் போடச் சொல்லலாம். அப்படியே பையின் கொக்கியையும் ஜிப்பையும் கவனிக்கலாம். தினமும் தங்க நகை அணிகிறவருக்கு மங்கிய தங்க நிற உலோகம் பொருந்தும். ஆக்ஸிடைஸ்டு வெள்ளி அணிகிறவர் வெள்ளி நிறக் கொக்கி உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.