லீகல் நோட்டீஸ்ல தொகை தப்பா இருக்கா? தூக்கிப் போடாதீங்க!

போன மாசம் நம்ம பாலக்கரை ஆபீசுக்கு ஒரு தங்கச்சி கையில லீகல் நோட்டீஸோட வந்தாங்க. பர்சனல் லோன் இஎம்ஐ ₹8,450 ஒரு மாசம் அக்கவுண்ட்ல பணம் இல்லாம ரிட்டர்ன் ஆயிருக்கு. நோட்டீஸ்ல அவங்க பேருக்கு முன்னாடி "திரு." லோன் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல «Loan_No». ரிட்டர்ன் ஆன தொகை ₹12,300-ன்னு போட்டிருக்கு. "இது எனக்கு வந்ததே இல்ல, கிழிச்சுப் போட்டுடலாமா சார்?"ன்னு கேட்டாங்க.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. நூத்துக்கணக்கான நோட்டீஸை யாரும் தனித்தனியா டைப் பண்றதில்ல. எக்செல்ல ஆளுக்கு ஒரு வரிசை, வேர்டுல ஒரே ஒரு மாதிரிக் கடிதம். ரெண்டையும் இணைக்கிறதுதான் மெயில் மெர்ஜ். "திரு." மாதிரிக் கடிதத்துலயே டைப் ஆகியிருந்தா எல்லாருமே ஆம்பளைதான். «Loan_No»-வை மெனு வழியா நுழைக்காம கையால அடிச்சா, அது வெறும் எழுத்தா அப்படியே பிரிண்ட் ஆகும். எக்செல்ல தொகை இருக்கிற ஒரு காலத்தை மட்டும் வரிசைப்படுத்தினா, பக்கத்து ஆளோட தொகை உங்க பேர்ல வந்து உட்காரும்.

இதுல சட்டப்படி பெரிய தப்பு எது? தொகைதான். செக் பவுன்ஸ் ஆனா 138-வது பிரிவு நோட்டீஸ்ல அந்த செக் தொகையைத்தான் கேட்கணும். காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்குல செக் ₹1 கோடி, நோட்டீஸ்ல கேட்டது ₹2 கோடி. டைப்பிங் பிழைன்னு சொல்லிப் பார்த்தாங்க. 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல, நோட்டீஸ் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா செக் தொகையைத் தெளிவா தனியா காட்டி, வட்டி, செலவு எல்லாம் தனியா கேட்டிருந்தா அது வேற விஷயம். இஎம்ஐ ஆட்டோ டெபிட் ரிட்டர்னுக்கு 2007-ம் வருஷ பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 25-வது பிரிவு. அதுவும் இதே பாணிதான்.

"திரு." தப்பா இருக்கு, பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்குன்னு மட்டும் நம்பி உட்கார்ந்துடாதீங்க. உங்களைத்தான் சொல்றாங்கன்னு புரிஞ்சா அது சின்னப் பிழைதான்.

இன்னொண்ணு. நோட்டீஸ் செல்லலைன்னா கிரிமினல் கேஸ்தான் ஆடும். கடன் அப்படியேதான் இருக்கும். பேங்க்ல இருந்து ரிட்டர்ன் தகவல் கிடைச்ச 30 நாளுக்குள்ள அவங்க சரியான நோட்டீஸ் திரும்ப அனுப்பலாம். உங்க கைக்கு வந்ததுல இருந்து பணம் கட்ட 15 நாள்தான்.

அதனால அந்தத் தங்கச்சிகிட்ட நான் சொன்னது இதுதான்: கவரையும் சேர்த்து பத்திரமா வைங்க, வந்த தேதியைக் குறிங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல ரிட்டர்ன் ஆன தேதியையும் தொகையையும் நோட்டீஸோட ஒப்பிடுங்க. நோட்டீஸ்ல இருக்கிற நம்பருக்கு ஜிபே பண்ணாம, லோன் ஆப்ல நிஜமான பாக்கி ₹8,450-ஐ கட்டி ரசீது எடுங்க. அப்புறம் 15 நாளுக்குள்ள ஒரு வக்கீல் மூலமா ஸ்பீடு போஸ்ட்ல பதில் போடுங்க.

உங்க நோட்டீஸ்ல என்ன தப்பு இருந்துச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, லோன் நம்பரை மட்டும் மறைச்சுட்டு!